சரிவகச் சுமைக்குப் பதிலாக நிற்கும் ஒற்றை விசை: பெயர் வேண்டும்

காரைக்குடி: வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கணக்கு இது: இரு முனையிலும் தாங்கிய 6 மீட்டர் உத்திரம், மேலே சாய்வாக ஏறும் சுவர். சுமை இடது முனையில் மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், வலது முனையில் 5. இது மொத்தத்தையும் எடுத்துவிட்டு ஒரே விசையை வைக்கிறோமே, அதற்கு என்ன பெயர்? ‘சமான விசை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

தேவகோட்டை: சமானம் வடசொல். ‘ஈட்டுவிசை’ என்று எழுதுங்கள். ஈடு என்றால் ஒப்பு; ஒன்றின் இடத்தில் நிற்பதும் ஈடு. நம் ஊர் வட்டிக்கடையில் நகையை ஈடு வைப்பதும் இதே சொல்தான். திருவாய்மொழி உரைக்கு ஈடு என்று பெயர் வந்ததையும் யோசித்துப் பாருங்கள்.

பள்ளத்தூர்: ஐயா, ‘ஈட்டு’ என்றால் பையன்கள் சம்பாதிப்பது என்பார்கள். பள்ளியிலேயே ‘தொகுபயன் விசை’ படித்துவிட்டுத்தானே வருகிறார்கள், அது போதும். அளவு 21 கிலோநியூட்டன். இடம், இடது முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு, 4 மீட்டர்.

காரைக்குடி: அளவு சரி. 4 மீட்டர் முக்கோணத்துக்கு மட்டும்தான். சரிவகத்தைப் படுக்கையாக வெட்டினால் கீழே செவ்வகம், 12 கிலோநியூட்டன், 3 மீட்டரில். மேலே முக்கோணம், 9 கிலோநியூட்டன், 4 மீட்டரில். இடது முனையைப் பற்றிய திருப்புத்திறன் 36-உம் 36-உம், ஆக 72. அதை 21-ஆல் வகுத்தால் 3.43 மீட்டர். விடை எப்போதும் அந்த 3-க்கும் 4-க்கும் நடுவில்தான் விழும். 3-க்குக் குறைந்தால், முக்கோணத்தின் தூரத்தைக் கூர்முனைக்குப் பதில் கனத்த முனையிலிருந்து அளந்திருப்பீர்கள்.

கானாடுகாத்தான்: எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு உத்திரம் தொய்ந்திருக்கிறது, மேலே இதே மாதிரிச் சுவர். 3.43-இல் ஒரு முட்டுக் கொடுத்தால் நின்றுவிடுமா?

காரைக்குடி: அண்ணே, அவசரப்படாதீர்கள். முட்டுக் கொடுத்தால் தாங்கிகள் மூன்றாகிவிடும், கணக்கே வேறு. ஒற்றை விசை முனைகளின் எதிர்விசையைத்தான் சரியாகச் சொல்லும்: இடது 9, வலது 12. உத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அது உதவாது. 21-ஐ ஒரே புள்ளியில் வைத்தால் பெரும வளைவுத் திருப்புத்திறன் ஏறக்குறைய 31 கிலோநியூட்டன் மீட்டர் வரும். பரவிய சுமைக்கு உண்மையில் 16-தான். பொறியாளர் ஒருவரை வரவழைத்து நேரில் காட்டுங்கள்.

தேவகோட்டை: அதனால்தான் ஈடு என்றேன். வெளியே நிற்பவனுக்கு மட்டும் பதில் சொல்லும் விசை. ‘தொகுபயன்’ என்றால் உள்ளேயும் செல்லும் என்று நினைத்துவிடுவார்கள்.

பள்ளத்தூர்: அதைப் பெயரா தடுக்கும்? உத்திரத்தை நடுவில் வெட்டிக் கணக்குப் போடும்போது, முதலில் வெட்டு, பிறகு வெட்டிய துண்டின் சுமைக்கு மட்டும் ஒற்றை விசை வை என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

காரைக்குடி: அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். நேரமில்லை, தொகுபயன் விசை என்றே போகட்டும். அது செல்லும் கோட்டுக்குச் ‘செயல்கோடு’.

தேவகோட்டை: என் வகுப்பில் ஈட்டுவிசைதான். அப்புறம், லகர ஈற்றின் முன் ககரம் வந்தால் ‘செயற்கோடு’ அல்லவா?