ஒரு தகடு, இரண்டு ஜாப்

பீன்யா கணக்கர்

பெங்களூரு பீன்யாவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி செய்யும் பட்டறை ஒன்றில் செலவுக் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஒரே ஒரு தகட்டால் மூன்று நாள் தூக்கம் கெட்டது. அதை எழுதுகிறேன், உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

ஜாப் 118 ஒரு பால் பண்ணையின் தொட்டி. ஆகும் செலவுக்கு மேல் 12 சதவீதம் தருவதாக ஒப்பந்தம். ஜாப் 123 வேறொருவரின் தொட்டி. விலை முன்பே பேசி முடித்தது. இரண்டுக்கும் ஒரே சரக்குதான்: 304 ரகம், 5 மி.மீ. கனம், ஒன்றரை மீட்டருக்கு மூன்று மீட்டர். ஒரு தகடு ஏறக்குறைய 178 கிலோ. ஸ்டோரிலிருந்து 118க்கு எட்டுத் தகடுகள் போயின. கிலோ 210 ரூபாய் வீதம் 1,424 கிலோவுக்கு 2,99,040 ரூபாய் ஜாப் கார்டில் ஏறியது.

வேலை முடிந்தபோது ஆறு தகடுகள்தான் செலவாகியிருந்தன. ஏழாவது தகடு ரிட்டர்ன் நோட்டோடு ஸ்டோருக்குத் திரும்பியது. எட்டாவதுதான் வில்லங்கம். 123க்கு வர வேண்டிய சரக்கு தாமதமானதால், ஃபோர்மேன் அதைக் கிரேனில் தூக்கி நேராக 123இன் மேடையில் இறக்கிவிட்டார். ஒரு ஜாப்பின் சரக்கு இன்னொரு ஜாப்புக்குப் போனதைக் காட்டும் டிரான்ஸ்பர் நோட் எழுதவில்லை. பிறகு கேட்டபோது, "ஒரே கூரைக்குக் கீழேதானே சார் இருக்கிறது" என்றார்.

பால் பண்ணையிலிருந்து பில்லைச் சரிபார்க்க வந்தவர் எங்கள் லெட்ஜரைத் தொடவே இல்லை. வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கால்குலேட்டரில் தொட்டியின் எடையைப் போட்டார். 980 கிலோ. அந்த ஜாப்பின் கழிவை எடை போட்ட சீட்டைக் கேட்டார். 88 கிலோ. இரண்டும் சேர்ந்து 1,068. "உங்கள் கணக்கில் 1,246 கிலோ இருக்கிறதே, மிச்சம் 178 கிலோ எங்கே?" என்றார். சரியாக ஒரு தகடு.

கிலோவில் விடை பளிச்சென்று தெரிந்தது. பணத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஆறு தகட்டுக்கு 2,24,280 ரூபாய் ஆக வேண்டும்; லெட்ஜரில் 2,56,320 இருந்தது. வித்தியாசம் 32,040. அதை 178ஆல் வகுத்தால் கிலோ 180 ரூபாய் வருகிறது. அந்த விலைக்கு நாங்கள் 304 தகடு வாங்கியதே இல்லை. ஆகவே தகடு காணாமல் போனது வேறு, இந்தப் பண வித்தியாசம் வேறு என்று நினைத்து, கூலி, வெல்டிங் கம்பி என்று தேவையில்லாத இடங்களிலெல்லாம் தேடினேன்.

மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. திரும்பிய ஏழாவது தகட்டுக்குக் கணினி கடைசியாக வாங்கிய விலையைப் போட்டிருந்தது. கிலோ 240. 118இலிருந்து 37,380 கழிக்க வேண்டிய இடத்தில் 42,720 கழித்துவிட்டது. ஒரு பிழை 118இன் செலவை 37,380 கூட்டியது, மற்றொன்று 5,340 குறைத்தது. இரண்டும் சேர்ந்துகொண்டு என் கண்ணில் மண்ணைத் தூவின.

அன்றைய தேதியிலேயே டிரான்ஸ்பர் நோட் போட்டு, தகடு உண்மையில் நகர்ந்த நாளைக் குறிப்பில் எழுதினோம். 118க்கு வரவு, 123க்குப் பற்று, 37,380. ரிட்டர்ன் நோட்டின் விலையை 210 ஆக்கினோம். ஸ்டோர் மதிப்பில் 5,340 குறைந்தது. 12 சதவீதத்தையும் சேர்த்துப் பில்லில் 35,885 ரூபாய் இறங்கியது. முதலாளி என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எலக்ட்ரானிக் சிட்டி வாசி

இதற்கா இவ்வளவு அல்லல்? ஒரு ஜாப்பில் கூடினால் இன்னொன்றில் குறைகிறது. கம்பெனியின் மொத்த லாபம் மாறவில்லை. டிரான்ஸ்பர் நோட் ஸ்டோர் லெட்ஜரையும் தொடாது, ஸ்டோரில் சரக்கின் வரவும் இருப்பும் எழுதும் பின் கார்டையும் தொடாது. ஒன்றையும் தொடாத காகிதத்தை எழுதாவிட்டால்தான் என்ன?

பழைய ஸ்டோர்காரர்

தம்பி, பின் கார்டைத் தொடாது என்பது சரி. சரக்கு ஸ்டோருக்குள் வரவே இல்லையே, எப்படித் தொடும்? அதனாலேயே அந்தக் காகிதம் முக்கியம். ரிட்டர்ன் நோட் எழுதாமல் விட்டால் ஸ்டாக் எடுக்கும்போது சரக்கு கூடுதலாகக் கிடக்கும், நான் கண்டுபிடித்துவிடுவேன். டிரான்ஸ்பர் நோட்டை விட்டால் உலகத்தில் எந்த ஸ்டாக் சரிபார்ப்பும் அதைக் காட்டிக் கொடுக்காது.

மொத்த லாபம் மாறாது என்பதும் இரண்டும் பேசி முடித்த விலையாக இருந்து, இரண்டும் ஒரே ஆண்டில் முடிந்தால்தான். இங்கே 118இன் வாடிக்கையாளர் தன் தொட்டியில் இல்லாத தகட்டுக்குப் பணம் கொடுத்திருப்பார், அதன் மேல் 12 சதவீதமும் கொடுத்திருப்பார். மார்ச் முடிவில் ஒன்று முடிந்து மற்றொன்று பாதியில் நின்றாலும் லாபம் ஆண்டு மாறிப் போய்விடும்.

நான் முப்பது ஆண்டு ஸ்டோரில் இருந்தவன். என் காலத்தில் ஜாப்பிலிருந்து ஜாப்புக்கு நேராகப் போக விடமாட்டேன். ஸ்டோருக்குத் திருப்பு, மறுபடி இண்டென்ட் போட்டு வாங்கு என்பேன். 178 கிலோ தகட்டை அப்படி இழுத்தடிப்பது வீண் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். கனமான சரக்குக்கும் அவசரத்துக்கும் மட்டும் டிரான்ஸ்பர் நோட் அனுமதிப்பேன். அதில் இரண்டு ஜாப்பின் மேற்பார்வையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும். கொடுப்பவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் வாங்கியவர் "எனக்கு வரவே இல்லை" என்பார்.

விலைத் தகராறுக்கு ஒரே மருந்து: ரிட்டர்ன் நோட்டில் பழைய இஷ்யூ சீட்டின் எண்ணை எழுதாமல் வாங்காதீர்கள். எண் இருந்தால் எந்த விலையில் போனதோ அதே விலையில் திரும்பும். எண் இல்லாவிட்டால் கணினி தன் இஷ்டத்துக்கு ஒரு விலையைப் போடும்.

ஓசூர்–பொம்மசந்திரா

நீங்கள் எல்லோரும் வரியை மறந்துவிட்டீர்கள். நாங்கள் பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் ஆலைக்குக் குழாய்களை வெறும் டிரான்ஸ்பர் நோட்டோடு அனுப்பினோம். அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஒரே கம்பெனி என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அபராதம் கட்டித்தான் எடுத்தோம்.

பீன்யா கணக்கர்

ஐயா, உங்களுடையது மாநிலம் விட்டு மாநிலம். ஒரே கம்பெனி ஆனாலும் கர்நாடகப் பதிவும் தமிழ்நாட்டுப் பதிவும் ஜி.எஸ்.டி. சட்டத்தில் இரண்டு தனி ஆட்கள். வரி இன்வாய்ஸ் போட்டிருக்க வேண்டும். சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். என் தகடு நாற்பது அடி கூட நகரவில்லை. அதற்கு வரி கிடையாது.

தர ஆய்வுப் பெண்

பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பட்டறையில் ஒருமுறை இப்படித்தான் தகடு கைமாறியது. ஒரு ஜாப் 304, மற்றது 316. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றேபோல் பளபளக்கும். தகடு எந்த உருக்கில் வந்தது என்று சொல்லும் ஹீட் எண் எழுதிய மூலை வெட்டும்போது கழிவோடு போய்விட்டது. வாடிக்கையாளரின் ஆய்வாளர் மாலிப்டினம் சொட்டுச் சோதனை செய்தார். 316இல் மாலிப்டினம் இருக்கும், 304இல் சேர்ப்பதில்லை. நிறம் வரவில்லை. ஒரு முழு வளையத்தை அறுத்து எடுத்தோம்.

அதன் பிறகு எங்கள் டிரான்ஸ்பர் நோட்டில் ஹீட் எண்ணுக்கு ஒரு கட்டம் வைத்தேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கிரேன்காரர் தூக்கமாட்டார். அறுத்த வளையத்தின் செலவு எந்த ஜாப்பில் ஏறியது தெரியுமா? வாங்கிய ஜாப்பில். அந்தப் பொறியாளர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கொடுத்த ஜாப்பின் தலையில் கட்ட வேண்டும் என்கிறார்.

பழைய ஸ்டோர்காரர்

இரண்டு ஜாப்பிலும் ஏற்றக் கூடாது, மேடம். அது பட்டறையின் தவறு, எந்தத் தொட்டிக்கும் ஆன செலவு அல்ல. நேராக லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும். ஜாப்பில் ஏற்றினால் அடுத்த முறை அதே தொட்டிக்கு விலை சொல்பவர் அறுத்த வளையத்தையும் சேர்த்துச் சொல்வார்.

எஸ்டிமேட் எழுதுபவர்

அந்த விலை சொல்பவன் நான்தான். எனக்கு ஒரு மனத்தாங்கல். பீன்யா நண்பர் எட்டாவது தகட்டை 123இல் 210க்கு ஏற்றினார். ஆனால் அன்று சந்தையில் 240. அந்தத் தகடு இல்லாவிட்டால் 123க்கு 240 கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்கள். இப்போது 123 மலிவாகத் தெரிகிறது. இதைப் பார்த்து நான் அடுத்த தொட்டிக்கு விலை சொன்னால் தகட்டுக்கு 5,340 நட்டம்.

பீன்யா கணக்கர்

240இல் ஏற்றினால் 118க்கும் 240 வரவு வைக்க வேண்டும். 210க்கு வாங்கிய தகட்டில் 118 கிலோவுக்கு 30 ரூபாய் சம்பாதித்ததாகிவிடும். தொட்டி செய்கிறோமா, தகடு வியாபாரம் செய்கிறோமா? ஜாப் கார்டு ஆன செலவைச் சொல்லும். நாளைய விலைக்கு நீங்கள் சந்தையைத்தான் கேட்க வேண்டும்.

எஸ்டிமேட் எழுதுபவர்

சரி, அந்தத் தகட்டை ஸ்டோருக்குத் திருப்பி மறுபடி வாங்கியிருந்தால்? உங்கள் ஸ்டோர் சராசரி விலையில் கொடுக்கிறது என்று வையுங்கள். 123இல் 228 என்றோ 231 என்றோ ஏறியிருக்கும். அதே தகடு, அதே நாள். காகிதம் மாறியதால் செலவு மாறுகிறது. இதற்கு என்ன பதில்?

பழைய ஸ்டோர்காரர்

பதில் இல்லை. ஸ்டோருக்குள் வந்துவிட்டால் அது ஸ்டோரின் தகடு, மற்றவற்றோடு கலந்துவிடும். அதனால்தான் எந்தச் சரக்கு எந்த வழியில் போகும் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் தன் ஜாப்புக்கு எது மலிவோ அந்தச் சீட்டை எழுதுவார்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசி

அப்படி எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் ஜாப்பை மூடுவதற்கு முந்தைய நாள் துண்டுத் தகடுகளையெல்லாம் ஸ்டோருக்குத் திருப்புவார். முழு விலையில். ஒரு சாண் அகலம் கூட இருக்காது. அவருடைய ஜாப் எல்லாம் லாபம். ஸ்டோரின் பின்கட்டில் கால் வைக்க இடம் இல்லை. மூன்றாம் ஆண்டு அவற்றைக் கழிவு விலைக்கு விற்றபோது நட்டம் முழுவதும் ஸ்டோர்காரர் தலையில் விழுந்தது. அவர் அழுததைப் பார்த்தேன். மேலே நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

பீன்யா கணக்கர்

எங்களிடம் இப்போது 300 மி.மீ.க்குக் குறைவான துண்டை ரிட்டர்ன் நோட்டில் ஏற்பதில்லை. கழிவு எடையில்தான் சேரும். ஆனால் 300க்கு மேல் உள்ள கோணல் துண்டுக்கு முழு விலையா, பாதி விலையா என்று இன்னும் சண்டைதான். நேற்றுகூட ஃபோர்மேன் முக்கோணத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசை ஓரம் சாய்த்துவிட்டுப் போனார். நோட் எழுதியிருந்தார். விலைக் கட்டம் மட்டும் காலி.