உட்பிரிவு எழுத்து: வரிசையா, ஒலியா?

புதியவன்: வாடகை ஒப்பந்தம் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறேன். உட்பிரிவு எழுத்துகள் வெறும் அலங்காரம், எப்படிப் போட்டாலும் பொருள் மாறாது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அப்படியா?

வரிக்குவரி: அலங்காரமாம்! ஏழாம் பிரிவு முன்பணம் பற்றியது என்று வையுங்கள். அதில் ஐந்து உட்பிரிவுகள்: தொகை, வட்டி கிடையாது, காலி செய்த 30 நாளில் பணம் திரும்ப, வீட்டைப் பார்வையிடுதல், சேதத்துக்குப் பிடித்தம். ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டி, இ. தமிழில் வரிசைப்படி அ, ஆ, இ, ஈ, உ என்று மாற்றியாயிற்று. பன்னிரண்டாம் பிரிவில் "7(இ)-ன்படி கழித்துக்கொள்ளலாம்" என்று வருகிறது. அங்கே மட்டும் ஒலியைக் கேட்டு இ என்றே விட்டுவிட்டார் மொழிபெயர்த்தவர். தமிழ்ப்படியில் 7(இ) எது? பணத்தைத் திருப்பித் தரும் பிரிவு! 7(உ) என்றல்லவா இருக்க வேண்டும்?

நேர்ப்பாதை: அலங்காரம் என்று எழுதியது நான்தான் சார். "கழித்துக்கொள்ளலாம்" என்ற சொல்லே இருக்கிறதே, படிப்பவருக்குப் புரியாதா? வேண்டுமானால் "7(உ), சேதப் பிடித்தம்" என்று பக்கத்தில் தலைப்பையும் எழுதிவிடுங்கள். எழுத்து பிசகினாலும் தலைப்பு காட்டிக்கொடுக்கும்.

வரிக்குவரி: தலைப்பு எழுதுவது நல்லதுதான். ஆனால் தலைப்பு ஒன்று சொல்லி எழுத்து இன்னொன்று சொன்னால் எதை நம்புவது? 7(இ)க்குப் பதில் சொல்லுங்கள்.

மாடிவாசி: எனக்கும் இதேதான். காலி செய்து மாதக்கணக்காகிறது, முன்பணம் வரவில்லை. எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்பது?

வரிக்குவரி: ஐயா, இது மொழிபெயர்ப்பு இழை.

மாடிவாசி: 30 நாள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்!

சொற்கணக்கு: எழுத்தை விடுங்கள், இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் வரையறுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்கும், கண்ணுக்குத் தனியாகத் தெரியும். தமிழில் அந்த வசதி இல்லை. முதல் பிரிவில் "வளாகம்" என்றால் வீடும் வண்டிக் கொட்டகையும் சேர்த்து என்று வரையறுத்துவிட்டு, பழுதுபார்க்கும் பிரிவில் "வீடு" என்று மாற்றி எழுதினால், கொட்டகைக் கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? வரையறுத்த சொல்லை எங்கும் தடித்த எழுத்தில் போடுங்கள், ஒரே வடிவில். இன்னொன்று, வரையறைகளைத் தமிழ் அகரவரிசைக்கு மாற்றி அடுக்காதீர்கள். மாற்றினால் 1.4 என்பது 1.2 ஆகிவிடும், அதைச் சுட்டும் இடமெல்லாம் தவறும்.

வரிக்குவரி: அதெல்லாம் சரி. 7(இ) என்ன ஆனது?

நேர்ப்பாதை: இவர் இப்படித்தான். போன முறை குத்தகை, வாடகை என்று பேசியபோதும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் விரட்டினார். தீர்வு எளிது சார்: ஆங்கில எழுத்துகளை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு படிகளையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போது எண் ஒன்றாகவே இருக்கும்.

வரிக்குவரி: ஆக, அலங்காரம் என்றவர் இப்போது அசல் எழுத்தைத் தொடாதே என்கிறார்! தமிழில் கையெழுத்துப் போடுபவருக்குத் தமிழ் எழுத்து வேண்டாமா? நான் வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு பட்டியல் போடுவேன், இடப்பக்கம் அசல் எண், வலப்பக்கம் தமிழ் எண். முடித்ததும் அசலில் பிரிவைச் சுட்டும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, தமிழில் அது எங்கே போய் நிற்கிறது என்று அந்தப் பிரிவையே திறந்து பார்ப்பேன். சுட்டிய பிரிவைப் படித்ததும் வாக்கியம் பொருந்தாவிட்டால் எழுத்து பிசகியிருக்கிறது. இதைச் செய்திருந்தால் 7(இ) அன்றே மாட்டியிருக்கும்.

சொற்கணக்கு: உங்கள் பட்டியல் எதுவரை தாங்கும்? உயிரெழுத்து பன்னிரண்டுதான். பதின்மூன்றாவது உட்பிரிவு வந்தால்?

நேர்ப்பாதை: ஃ போடுவார்!

வரிக்குவரி: க போடுவேன். உங்களுக்கு என்ன?

சொற்கணக்கு: க போடுவதானால் அதையும் உங்கள் பட்டியலில் முன்னாலேயே எழுதிவையுங்கள். ஒருவர் ஃ, இன்னொருவர் க என்று போட்டால் பின்னால் யார் திருத்துவது? வளாகத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

புதியவன்: அப்படியென்றால் நான் எதைப் போடட்டும்? தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தா?

நேர்ப்பாதை: ஆங்கிலம்.

வரிக்குவரி: தமிழ். நேர்ப்பாதை இன்னும் 7(இ)க்குப் பதில் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாடிவாசி: என் முன்பணத்துக்கும்.