செக்யூர் டவுன்லோட் லிங்க்: தமிழில் எப்படிச் சொல்வது?

திருப்பூர் எச்.ஆர்.

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பனியன் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். மாதாமாதம் 140 பேரின் சம்பள எக்செல் ஷீட் ஆடிட்டருக்கு மெயிலில் போகும். போன மாதம் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் மெயில் தானாக நீட்டிய முகவரி நூல் சப்ளையருடையது, கவனிக்காமல் அனுப்பியாகிவிட்டது. பாஸ்வேர்ட் போட்ட ஃபைல்தான், ஆனால் பாஸ்வேர்டும் அதே மெயிலின் கடைசி வரியில் இருந்தது!

அதனால் "இனிமேல் இணைப்பாக அனுப்ப வேண்டாம், இணைப்பை மட்டும் அனுப்பவும்" என்று எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். அட்டாச்மென்ட்டும் இணைப்பு, லிங்கும் இணைப்பு. என்ன செய்ய?

பழைய மொழிபெயர்ப்பாளர்

அட்டாச்மென்ட்டுக்கு உடன்கோப்பு, லிங்குக்குத் தொடுப்பு. சுட்டி வேண்டாம், அது மவுஸுக்குப் போய் ரொம்ப நாளாயிற்று. அப்போது நீங்கள் கேட்பது "பாதுகாப்பான தொடுப்பு", முடிந்தது. தொடுப்பாக அனுப்பிவிட்டால் ஃபைல் நம்மிடமே இருக்கும், தவறான ஆளுக்குப் போகும் பேச்சே இல்லை.

சர்வர் பார்ப்பவர்

ஐயா, தொடுப்பு சரி. "பாதுகாப்பான" என்பதில்தான் எனக்குச் சிக்கல். ஒன்டிரைவில் பகிரும்போது Anyone என்று விட்டால், அந்த முகவரி யார் கையில் கிடைத்தாலும் திறக்கும், நூல் சப்ளையரும் நிம்மதியாகப் பார்த்திருப்பார். Specific people என்று தேர்ந்தெடுத்து ஆடிட்டரின் மெயிலைக் கொடுத்தால்தான் பலன். திறக்கப் போனவர் அந்த மெயில்காரர்தான் என்று நிரூபிக்க வேண்டும், உள்நுழைந்தோ, அந்த மெயிலுக்கு வரும் குறியீட்டைக் கொடுத்தோ.

அங்கேயும் தப்பான முகவரியையே தேர்ந்தெடுத்தால் தப்பான ஆள்தான் திறப்பார், அதை எந்தத் தொடுப்பும் தடுக்காது. வித்தியாசம் அப்புறம்தான் தெரியும்: தப்பு தெரிந்ததும் பகிர்வை நிறுத்தலாம், அலுவலகக் கணக்காக இருந்தால் அதற்குள் யாராவது திறந்தார்களா என்று பதிவேட்டில் பார்க்கச் சொல்லலாம். போன உடன்கோப்பைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே பெயரில் ஆள் வரவேண்டும் என்பது என் கட்சி. "ஆளறி தொடுப்பு" எப்படி? வினைத்தொகை, நடுவில் த் போட்டுவிடாதீர்கள்.

சேலத்துக்காரன்

எங்கள் கம்பெனியில் பே ஸ்லிப் பி.டி.எஃப்-ஆக வரும், பாஸ்வேர்ட் பிறந்த தேதி. ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. பேசாமல் இந்த எக்செல்லுக்கும் எம்.டி.யின் பிறந்த தேதியைப் போட்டால் என்ன?

சர்வர் பார்ப்பவர்

கேள்வி பே ஸ்லிப் பற்றி இல்லை, ஒரே ஷீட்டில் 140 பேர். இருந்தாலும் சொல்கிறேன். 60 வருடத்துப் பிறந்த தேதிகள் எல்லாம் சேர்த்தே சுமார் 22,000தான். இப்போதைய எக்செல் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு லட்சம் சுற்றுக் கணக்குப் போட வைத்துத் தாமதப்படுத்தும், ஆனாலும் 22,000 என்பது ஒரு மடிக்கணினிக்குச் சில நிமிட வேலை. ஃபைல் அவர்கள் கையில் இருக்கிறது, மூன்று முறை தப்பினால் பூட்டிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

பழைய மொழிபெயர்ப்பாளர்

சரி, அப்படியானால் Protect Sheet போட்டு நல்ல நீளமான கடவுச்சொல்?

சர்வர் பார்ப்பவர்

அது செல்லைத் திருத்த விடாமல் தடுப்பது, படிக்க விடாமல் தடுப்பதில்லை. ஃபைலின் பெயரைக் கடைசியில் `.zip` என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பதெல்லாம் கொட்டும். Encrypt with Password போட்ட ஃபைல் அப்படித் திறக்காது. இரண்டையும் தமிழில் "பாதுகாப்பு" என்று எழுதியே பாதிப் பேரைக் குழப்பிவிட்டோம், முன்னது தடுப்பு, பின்னது பூட்டு என்று வைக்கலாமோ?

திருப்பூர் எச்.ஆர்.

எங்களுடையது திறக்கும்போதே பாஸ்வேர்ட் கேட்கும், அதுவரை தப்பித்தோம். ஆனால் இன்னொரு சங்கடம். ஒருமுறை மட்டும் இறக்கக்கூடிய லிங்க் ஒன்றை வேறொரு சேவையில் முயன்றேன். ஆடிட்டர் திறக்குமுன்பே "காலாவதி" என்று வந்துவிட்டது.

சர்வர் பார்ப்பவர்

அவர்கள் மெயிலில் வைரஸ் தேடும் வடிகட்டி முதலில் போய்த் தட்டிப் பார்த்திருக்கும். ஒருமுறைக்குப் பதில் மூன்று நாள் கெடு வையுங்கள். அதுவும் ஒத்துவரவில்லை, அவர்கள் அலுவலகத்தில் ஒன்டிரைவே திறக்காது என்றால் பூட்டிய உடன்கோப்புதான் வழி. கடவுச்சொல்லை போனில் சொல்லுங்கள், நீங்கள் சேமித்து வைத்திருக்கும் எண்ணுக்கு. அடுத்த மெயிலில் அனுப்புவது வீண், முதலாவது போன அதே தப்பான முகவரிக்கு இரண்டாவதும் போகும். ஜப்பான் அரசு அலுவலகங்களில் அந்தப் பழக்கம் ஊறிப்போய், 2020 நவம்பரில்தான் அமைச்சரவை அலுவலகத்தில் அதை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

பழைய மொழிபெயர்ப்பாளர்

ஆளறி தொடுப்பு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அறிவது தொடுப்பா, சர்வரா? நான் "பெறுநர்த் தொடுப்பு" என்பேன், அரசுக் கடிதத்தில் பெறுநர் எல்லோருக்கும் பழக்கம்.

திருப்பூர் எச்.ஆர்.

இரண்டையும் எங்கள் பிரிவில் இரண்டு பேரிடம் காட்டினேன். பெறுநர்த் தொடுப்பை இருவருமே சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஆளறி தொடுப்பைப் பார்த்த அக்கா மட்டும், "இதுல யாரு ஆளை அறியுறது, ஆடிட்டரா?" என்று கேட்டார். குறிப்பில் இப்போதைக்குப் பெறுநர்த் தொடுப்பு, பக்கத்திலேயே லிங்க் என்றும் போட்டிருக்கிறேன். தடுப்பு, பூட்டு இரண்டும் அப்படியே ஏறிவிட்டன.