பாலக்கோட்டுச் சொந்தங்கள்: ஞாயிறு சீட்டு

சுமதி: ராஜம்மா அத்தை, உங்கள் நோட்டில் என் பெயரில் 45,000 என்று இருக்கிறது. ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து நான் குறித்து வைத்திருப்பது 36,400தான். மீதி 8,600 என்ன கணக்கு? ஞாயிறு ஏலத்துக்கு முன் தெரிய வேண்டும்.

முருகன் மாமா: ஆரம்பித்துவிட்டது.

தனம் அக்கா: ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் யார் வருகிறீர்கள்? வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது.

ராஜம்மா அத்தை: சுமதி, அது கசர். நான் மாதம் 5,000 என்று முழுத் தவணையை எழுதுகிறேன். நீ கையிலிருந்து கொடுத்ததை மட்டும் எழுதுகிறாய். போன மாதத்தையே பார். இருபது பேர், ஒரு லட்சம் சீட்டு. முருகன் 25,000 தள்ளி எடுத்தான், அவன் கைக்கு 75,000. தள்ளியதில் என் கமிஷன் 5,000 போனால் 20,000. அது இருபது பேருக்கும் ஆளுக்கு 1,000. அதனால்தான் நீ 4,000 கட்டினாய். எல்லோரும் கட்ட வேண்டிய 80,000 அவனுக்கும் எனக்கும் சரியாகப் போகிறது. இப்படி ஒன்பது மாதக் கசரையும் கூட்டிப் பார்.

சுமதி: 8,600 வருகிறது. சரி. ஆனால் எடுத்தவருக்கும் எதற்குக் கசர்?

முருகன் மாமா: அந்த 25,000ஐத் தள்ளியவனே நான்தானம்மா!

தனம் அக்கா: கடையில் என் நகைச் சீட்டுக்குக் கசரே தரவில்லையே?

கவிதா: அக்கா, அது வேறு.

பெரியப்பா: 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி கமிஷன் 5 சதவீதம். ராஜம்மா சரியாகத்தான் எடுக்கிறாள்.

கவிதா: 2019இல் அதை 7 ஆக்கிவிட்டார்கள் பெரியப்பா. அதுவும் பதிவு செய்த சீட்டுக்கு. பதிவில்லாமல் நடத்துவதே குற்றம்.

பெரியப்பா: அதையெல்லாம் இங்கே எழுதாதே.

ராஜம்மா அத்தை: கமிஷனை எண்ணுகிறவர்கள் இதையும் எண்ணுங்கள். குமரேசன் மூன்றாம் மாதமே சீட்டை எடுத்துவிட்டான். கடைசி இரண்டு மாதமும் கட்டவில்லை, 4,100ம் 4,000மும். எடுத்தவர்களுக்கு நான் ஒரு ரூபாய் குறைத்தேனா? இரண்டு மாதக் கமிஷன் 10,000த்தில் 8,100 அவனிடம் நிற்கிறது. நோட்டில் எனக்கு வரவு, கையில் இல்லை.

குமரேசன்: தக்காளி விலை படுத்துவிட்டது அத்தை. பறிக்கும் கூலிக்கே காணவில்லை. ஞாயிறு 8,100 தந்துவிடுகிறேன்.

ராஜம்மா அத்தை: 10,000. தவணை தவறினால் கசர் இல்லை என்று முதல் நாளே சொன்னேன்.

குமரேசன்: அப்படியானால் என் கசர் 1,900 யாருக்கு?

சுமதி: எங்களுக்குப் பிரிக்க வேண்டும்.

ராஜம்மா அத்தை: கைக்காசு போட்டவள் நான். உங்களுக்கு எதற்கு?

முருகன் மாமா: குமரேசனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார்?

கவிதா: பெரியப்பா.

முருகன் மாமா: பெரியப்பா?

சுமதி: அவர் பார்த்துவிட்டார், நீல டிக் வந்துவிட்டது. அத்தை, மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும், இந்த மாதம் 20,000 வரை தள்ளிக் கேட்கப்போகிறேன்.

முருகன் மாமா: அடிப் பைத்தியமே, இன்னும் எடுக்காதவர்கள் பத்துப் பேர் இதைப் படிக்கிறார்கள். இனி 19,000 வரை ஏற்றிவிட்டுத்தான் விடுவார்கள்.

ராஜம்மா அத்தை: ஏலம் என் வீட்டில், காலை பத்து மணிக்கு. இங்கே இல்லை. குமரேசா, சனிக்கிழமை இரவுக்குள் 10,000.

குமரேசன்: 8,100.