கிளையில் விபிஎன் இணைந்திருக்கிறது, ஆனால் சர்வர் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து மட்டும் கிடைக்கிறது

கணக்கர்_ஈரோடு:
வணக்கம். எங்கள் தலைமை அலுவலகம் ஈரோட்டில், கிளை கரூரில். கணக்கு மென்பொருளும் கோப்புகளும் ஈரோட்டுச் சர்வரில் இருக்கின்றன. அதன் முகவரி 192.168.1.10. இரண்டு இடத்து ரௌட்டர்களுக்கும் இடையே விபிஎன் போட்டுத் தந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் Connected என்றே காட்டுகிறது. ஆனால் கரூர்க் கணினிகளிலிருந்து சர்வரைத் திறக்க முடியவில்லை.

நான் வீட்டு இணைப்பிலிருந்து மடிக்கணினியில் விபிஎன் போட்டால் அதே சர்வர் உடனே திறக்கிறது. கிளை அலுவலகம் லேன் என்ற உள்ளூர் வலையமைப்பு, வீடு வேன் என்ற தொலைதூர வலையமைப்பு, அதனால்தான் இந்த வேறுபாடு என்கிறார் எங்கள் வன்பொருள் கடைக்காரர். உண்மையா? கரூரிலிருந்து 192.168.1.1 என்று தட்டினால் ஈரோட்டு ரௌட்டரின் பக்கம் திறக்கிறது, ஆகவே பாதை சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தெற்குவாசல்:
வேன் என்றால் இணையம்தான். சாதாரண பிராட்பேண்டில் கிளைகளை இணைத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு ஊருக்கும் லீஸ்டு லைன் வாங்குங்கள், குறைந்தது நிலையான ஐபியாவது வாங்குங்கள். எங்கள் நிறுவனத்தில் அப்படித்தான் சரி செய்தோம்.

மாடிவீடு:
எனக்கும் இதே சிக்கல்தான். கீழ்வீட்டு ரௌட்டரிலிருந்து கேபிள் இழுத்து மாடி ரௌட்டரின் WAN துளையில் செருகியிருக்கிறேன். மாடியில் இணையம் வருகிறது, கீழே உள்ள பிரிண்டர் மட்டும் தெரிவதில்லை. நானும் விபிஎன் போட வேண்டுமா?

கம்பிவழி:
ஈரோட்டு நண்பருக்கு முதலில். கரூர்க் கணினி ஒன்றில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை அடித்து, வரும் விடையை அப்படியே இங்கே போடுங்கள்.

```
ping 192.168.1.10
ipconfig
```

கரூரில் திறக்கும் அந்த ரௌட்டர் பக்கத்தில் எந்த ஊரின் வைஃபை பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

மாடிவீடு, உங்களுக்கு விபிஎன் வேண்டாம். WAN துளையில் செருகியதால் மாடி ரௌட்டர் உங்கள் கீழ்வீட்டையே வெளியுலகமாக எடுத்துக்கொண்டு, மாடிக்குத் தனி லேன் அமைத்துவிட்டது. மாடி ரௌட்டரை Access Point நிலைக்கு மாற்றினால் இரண்டு தளமும் ஒரே லேன் ஆகிவிடும்.

கணக்கர்_ஈரோடு:
வந்த விடை இது:

```
Reply from 192.168.1.34: Destination host unreachable.
```

கணினியின் முகவரி 192.168.1.34, மாஸ்க் 255.255.255.0. ரௌட்டர் பக்கத்தில் இருப்பது கரூர் வைஃபையின் பெயர். அப்படியென்றால் நான் இத்தனை நாள் பார்த்தது கரூர் ரௌட்டரையா?

கம்பிவழி:
ஆம், கரூர் ரௌட்டரைத்தான் பார்த்திருக்கிறீர்கள். காரணமும் அதிலேயே இருக்கிறது. விடை எங்கிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள்: 192.168.1.34, அதாவது உங்கள் கணினியே தனக்குத் தானே சொல்லிக்கொண்ட விடை. ரௌட்டர் வரைக்கும்கூடச் செய்தி போகவில்லை.

ஒரு முகவரி தன் லேனுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைக் கணினி தூரத்தை வைத்து முடிவு செய்வதில்லை. தன் எண்ணையும் மாஸ்க்கையும் வைத்தே முடிவு செய்கிறது. 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருப்பவை எல்லாம் பக்கத்தில் இருப்பவை. ஈரோட்டுச் சர்வரும் 192.168.1, கரூர்க் கணினியும் 192.168.1. ஆகவே கரூர்க் கணினி, "192.168.1.10 யார்?" என்று கரூர்க் கம்பியிலேயே கேட்கிறது. அங்கே அப்படி யாரும் இல்லை. விபிஎன் எத்தனை நன்றாக இணைந்திருந்தாலும் அதன் வாசலுக்கு எதுவும் வந்து சேராது. சில ரௌட்டர்கள் இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால் விபிஎன் அமைக்கவே விடாது, உங்களுடையது விட்டிருக்கிறது.

வீட்டில் ஏன் வேலை செய்கிறது? உங்கள் வீட்டு ரௌட்டர் வேறு எண் வரிசை தந்திருக்க வேண்டும்.

கடைக்காரர் சொன்னது சரியல்ல. வீட்டிலும் ஒரு லேன் இருக்கிறது, கிளையிலும் ஒரு லேன், தலைமையகத்திலும் ஒரு லேன். ரௌட்டரின் WAN துளைக்கு அப்பால்தான் வேன் தொடங்குகிறது. உங்கள் மூன்று லேன்களையும் விபிஎன் மூலம் இணைத்தால் அந்த இணைப்புதான் உங்கள் நிறுவனத்தின் வேன். தெற்குவாசல் சொல்வதுபோல் லீஸ்டு லைனே வாங்கினாலும், இரண்டு முனையிலும் இதே எண்கள் இருந்தால் இதே விடைதான் வரும்.

தெற்குவாசல்:
எண் மோதலை நான் கவனிக்கவில்லை, ஏற்கிறேன். ஆனால் நிலையான ஐபி தேவை என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஈரோட்டு ரௌட்டரின் WAN முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், சேவை நிறுவனம் பலரை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அப்போது வெளியிலிருந்து யாரும் ஈரோட்டை அழைக்க முடியாது.

கம்பிவழி:
அது சரிதான். இங்கே விபிஎன் ஏற்கெனவே இணைந்திருப்பதால் அந்தத் தடை இப்போது இல்லை.

கணக்கர்_ஈரோடு:
வீட்டில் 192.168.29 வரிசை, விபிஎன் போட்டதும் 192.168.1.201 என்று கூடுதலாக ஒரு முகவரி கிடைக்கிறது. இப்போது எந்தப் பக்கத்தை மாற்ற வேண்டும்?

கம்பிவழி:
கரூரை மாற்றுங்கள். ஈரோட்டுச் சர்வரின் எண் எல்லாக் கணினிகளிலும் பதிந்திருக்கும். அதைத் தொட்டால் வேலை பெருகும். கரூர் ரௌட்டரின் லேன் முகவரியை 192.168.20.1 ஆக்குங்கள், கணினிகளுக்குத் தானாக எண் தரும் டிஎச்சிபி வரிசையையும் அதற்கேற்ப மாற்றுங்கள். கையால் எண் கொடுத்த பிரிண்டர், கேமரா ரெக்கார்டர் எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். பிறகு விபிஎன் அமைப்பில், ஈரோட்டு ரௌட்டரில் தொலைவு வலையமைப்பு என்ற இடத்திலும், கரூர் ரௌட்டரில் உள்ளூர் வலையமைப்பு என்ற இடத்திலும் 192.168.20.0/24 என்று இட மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் விபிஎன் இணையாமலே போகலாம்.

சனிக்கிழமை மாலை, கரூரில் ஒருவரை நேரில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கணக்கர்_ஈரோடு:
மாற்றிவிட்டோம். கரூரிலிருந்து 192.168.1.1 இப்போது உண்மையாகவே ஈரோட்டு ரௌட்டரைத் திறக்கிறது. ஆனால் சர்வருக்கு பிங் அடித்தால் Request timed out என்கிறது.

கம்பிவழி:
இது வேறு கோளாறு. விடை மாறியிருப்பதே நல்ல அறிகுறி. இப்போது செய்தி கரூரை விட்டுப் போகிறது, ஆனால் பதில் வரவில்லை. சர்வரில் விண்டோஸ் என்றால் அதன் ஃபயர்வாலைப் பாருங்கள். கோப்புப் பகிர்வு விதிகளில் Scope என்ற பகுதியில் Local subnet என்று இருக்கும். வீட்டிலிருந்து வந்தபோது உங்களிடம் 192.168.1.201 இருந்ததால் சர்வர் உங்களைத் தன் லேன்காரராகவே கருதியது. கரூர் அதற்கு இப்போது அந்நியர். அந்த விதிகளில் 192.168.20.0/24 என்பதைச் சேருங்கள். ஃபயர்வாலை முழுவதும் அணைத்துவிடாதீர்கள்.

கணக்கர்_ஈரோடு:
திறந்துவிட்டது, மிக்க நன்றி! பிங் 28 மில்லிசெகண்ட் காட்டுகிறது. ஆனால் கணக்குக் கோப்பு ஈரோட்டில் நொடியில் திறப்பது, இங்கே ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பு போதாதா?

கம்பிவழி:
வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. அந்த மாதிரி மென்பொருள் ஒரு கோப்பைத் திறக்கச் சர்வரிடம் சின்னச் சின்னதாய்க் கேட்டுக்கொண்டே இருக்கும். 3,000 முறை கேட்பதாக வையுங்கள். லேனில் ஒரு முறைக்கு அரை மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் ஒன்றரை விநாடி. 28 மில்லிசெகண்ட் என்றால் 84 விநாடி. மென்பொருளை ஈரோட்டிலேயே ஓடவிட்டு, கரூரிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் திரையை மட்டும் பாருங்கள்.

தெற்குவாசல்:
ரிமோட் டெஸ்க்டாப்பில் கரூர் பிரிண்டருக்குப் பில் அச்சிடுவது பெரும் தொல்லை, அதையும் யோசியுங்கள். இன்னொன்று: உங்கள் ஊழியர் யாருடைய வீட்டிலாவது 192.168.1 வரிசை இருந்தால் இதே மோதல் அங்கேயும் வரக்கூடும். ஈரோட்டையே இப்போது மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

கம்பிவழி:
வீடுகளைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் சர்வர் எண்ணை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

கணக்கர்_ஈரோடு:
ஒருவர் வீட்டில் 192.168.1 தான் இருக்கிறது, இப்போதே கேட்டுப் பார்த்தேன். முதலாளியிடம் பேசிவிட்டு வருகிறேன். பில் பிரிண்டர் வேறு பழைய டாட் மேட்ரிக்ஸ். ரிமோட் டெஸ்க்டாப்பில் அதை யாராவது ஓட்டியிருக்கிறீர்களா?