சரஸ்வதி பூஜை சலுகை: கடைப் பலகையில் என்ன எழுதினீர்கள், என்ன நடந்தது?

புத்தகக் கடைக்காரர் (தொடக்கப் பதிவு)

பள்ளிக்கூடத்துக்கு எதிரே சின்னக் கடை. 2024-இல் "சரஸ்வதி பூஜை அன்று மட்டும் 10% தள்ளுபடி" என்று எழுதி வைத்தேன். அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. மதியம் வரை நாலைந்து பேர்தான் வந்தார்கள். ஒரு அம்மா நின்று சொல்லிவிட்டுப் போனார்: "தம்பி, புத்தகத்தையெல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்தாயிற்று. இன்று பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள், இன்றைக்குப் போய் என்ன வாங்குவது?" எனக்கே தெரிந்த வழக்கம்தான், பலகை எழுதும்போது யோசிக்கவில்லை.

2025-இல் பூஜை அக்டோபர் 1 என்பதால், "செப்டம்பர் 30, செவ்வாய் இரவு வரை" என்று தேதியும் கிழமையும் போட்டேன். தள்ளுபடியையும் மாற்றினேன். 100 ரூபாய்க்கு நோட்டு விற்றால் எனக்கு 15 ரூபாய் நிற்கும். 10% குறைத்தால் மிச்சம் 5. அதற்குப் பதில் 10 ரூபாய்ப் பேனா ஒன்று கொடுத்தேன். பெட்டியாக எடுத்ததில் பேனா 7 ரூபாய்தான் அடங்கியது, கையில் 8 நின்றது. பிள்ளைகளுக்கும் பூஜையில் வைக்க ஒரு பேனா ஆயிற்று. கடைசி இரண்டு நாள் மாலையில் நல்ல கூட்டம்.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். முக்கியமாக வாசகம்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை

தேதி போட்டது சரி. என் ஊர்க் கடை ஒன்றில் "அம்மன் முன் புதுப் புத்தகம் வையுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். என் வகுப்பில் படித்த ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பழைய புத்தகம் வைத்தால் ஆகாதா?" என்று கேட்டான். அவன் அண்ணனிடமிருந்து வந்த புத்தகங்கள்தான் அவனிடம் இருந்தன. படித்துப் படித்து அட்டை கிழிந்த புத்தகத்தைத்தானே அவள் காலடியில் வைக்கிறோம்? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. "நீங்கள் படிக்கும் புத்தகத்தோடு ஒரு புதுப் பேனா" என்று எழுதுங்கள். யாருக்கும் குறை தோன்றாது.

வங்கி ஊழியர்

நவமி அன்று வைத்து தசமி அன்று எடுப்பதுதான் முறை. எல்லா வீட்டிலும் ஒரே நாள்தான், அதனால் பலகையில் "நவமிக்கு முன்" என்று போட்டாலே போதுமே.

தமிழாசிரியை

எல்லா வீட்டிலும் இல்லை, சார். மூல நட்சத்திரத்தன்றே ஆவாகனம் செய்து, திருவோணத்தில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் அஷ்டமி மாலையே வைத்துவிடுகிறார்கள். மேலும் திதி முதல் நாளே தொடங்கிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தேதியும் கிழமையும்தான் புரியும். கடைக்காரர் தம்பி, மூலத்துக்கு முன்பே சலுகையைத் தொடங்கிவிடுங்கள்.

பிளஸ் டூ மாணவி

அண்ணா, பேனா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வருடாவருடம் கணக்குப் புத்தகத்தை மேலே வைத்து, அதன் மேல் புதுப் பேனா வைப்பேன். விஜயதசமி காலையில் அதே பேனாவால் புது நோட்டில் முதல் வரி எழுதுவேன். போன வருடம் கடையில் பில் போடும்போதே பேனாவைத் திறந்து துண்டுத்தாளில் கிறுக்கிப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். எழுதாத பேனாதான் எனக்கு வேண்டும். ஜெல் பேனா முனையில் சின்ன உருண்டை ஒட்டியிருக்குமே, அது அப்படியே இருக்க வேண்டும்.

கடைக்காரர்

சரிம்மா. ஆனால் கிறுக்கிப் பார்க்காமல் கொடுத்து, விஜயதசமி அன்று எழுதவில்லை என்றால்? போன முறை ஒரு பையன் அழுதுகொண்டே வந்தான், எழுதாத பேனாவைச் சகுனமாக எடுத்துக்கொண்டு. அதற்காகத்தான் பார்த்துக் கொடுக்கிறோம்.

மாணவி

என்னிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள் அண்ணா, அது போதும்.

பூந்தோட்டம் பக்கத்துக்காரர்

எங்கள் பக்கம் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் நோட்டும் பேனாவும் வைத்து வாங்கிப் போவது எப்போதும் உண்டு. கூட்டத்தில் யாருடைய பேனா எது என்று தெரியாமல் போகிறது. ரப்பர் பேண்டால் நோட்டோடு சேர்த்துக் கட்டி, பெயர்ச் சீட்டும் ஒட்டி விற்கலாம். அப்புறம் ஒரு கேள்வி, பூஜையில் வைத்த பழைய புத்தகங்களைக் கடையில் எடுத்துக்கொள்வார்களா?

கடைக்காரர்

நான் எடுப்பதில்லை, ஐயா. இங்கே கேட்டது சலுகை வாசகம் பற்றி. ஆனால் பெயர்ச் சீட்டு நல்ல யோசனை.

அச்சகத் தொழிலாளி

நோட்டீசில் சரஸ்வதி படம் போடாதீர்கள். நான் அடித்துக் கொடுத்த நோட்டீஸ்களை மறுநாள் பள்ளி வாசலில் மிதிபட்டுக் கிடக்கப் பார்த்தேன். வீணை மட்டும் போடுங்கள்.

வங்கி ஊழியர்

வீணையும் அவளுடையதுதானே?

அச்சகத் தொழிலாளி

அதுவும் உண்மைதான். அப்படியானால் வெறும் எழுத்து.

கடைக்காரர்

அடுத்த பலகைக்கு இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன்: "நீங்கள் படிக்கும் புத்தகத்தோடு வைக்க ஒரு புதுப் பேனா. 100 ரூபாய்க்கு நோட்டு வாங்குவோருக்கு. பூஜைக்கு முந்தின நாள் இரவு வரை. எல்லாப் பிள்ளைகளும் வரலாம்." "முந்தின நாள்" என்பதை மட்டும் தேதியும் கிழமையுமாக மாற்றிவிடுகிறேன். கடைசி வரி, பூஜை செய்யாத வீட்டுப் பிள்ளைகள் தயங்கி நின்றதைப் பார்த்ததால்.