புதுப்பிப்பு: 2 நாள் லீவுக்கு 3,600 எப்படிப் பிடித்தார்கள்?

என் பழைய கேள்வி: "மொத்தச் சம்பளம் 31,200. சனி, திங்கள் வரவில்லை. 3,600 பிடித்திருக்கிறார்கள். சரியா?"

"எல்லா இடத்திலும் 30-ஆல்தான் வகுப்பார்கள்" என்றார் ஒருவர். அப்படியானால் ஒரு நாளுக்கு 1,040; நடுவில் வந்த ஞாயிறையும் சேர்த்து மூன்று நாளுக்கே 3,120தான் வரும். "எனக்குப் பிப்ரவரியில் அதிகம் போனது" என்றார் இன்னொருவர். அங்கே மாத நாட்களாலேயே, அதாவது 28-ஆல், வகுக்கிறார்களாம்.

பேரோல் பார்ப்பவர் சொன்ன வழியில்தான் பிடி கிடைத்தது. பேஸ்லிப்பில் எல்ஓபி, அதாவது சம்பளமில்லா லீவு, நாட்கள் 3 என்றிருந்தது. 3,600-ஐ 3-ஆல் வகுத்தால் 1,200. சம்பளத்தை 1,200-ஆல் வகுத்தால் 26. ஆக, வகுக்கும் எண் 26.

சிக்கலே அதில்தான். 30 என்றால் வாரவிடுமுறைக்கும் சம்பளம் பிரித்து வைத்த கணக்கு. நடுவில் வரும் ஞாயிறைப் பிடித்தாலும் கணக்கு இடிக்காது. 26 என்பது ஞாயிறுகளை ஏற்கெனவே கழித்த எண். அதில் ஞாயிறையும் பிடிப்பது முரண். 2,400தான் போயிருக்க வேண்டும். இப்படியே போனால் மாதம் முழுக்க வராதவருக்குப் பிடித்தம் சம்பளத்தையே தாண்டிவிடும்!

1,200-ஐத் திருப்பிக் கேட்டு எழுதியாயிற்று. "இடைப்பட்ட விடுமுறையும் லீவுதான்" என்று லீவு விதியைக் காட்டுகிறார்கள். வகுக்கும் எண் எந்த விதியில் இருக்கிறது என்பதற்கு இன்னும் பதில் இல்லை.